ஒரு பெட்டியை அணைத்தால் பேஸ் கூடுகிறதா?

வீட்டில் ஸ்டீரியோ செட் வைத்திருப்பவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். பேஸ் நன்றாக உள்ள பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் நடுவில் உட்காருங்கள். ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் பேலன்ஸ் குமிழை மெல்ல ஒரு பக்கமாகத் திருப்பி, ஒரு பெட்டியை முழுக்க ஓயவையுங்கள். பேஸ் கொஞ்சம் குறைந்தால் எல்லாம் சரி. மாறாக, ஒரு பெட்டி ஓய்ந்ததும் பேஸ் கூடினால், அந்த இரண்டில் ஏதோ ஒன்று தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கிறது.

என் சித்தப்பா வீட்டில் நடந்தது இதுதான். 8 அங்குல வூஃபரும் ஒரு ட்வீட்டரும் கொண்ட ஜோடிப் பெட்டிகள், உள்ளூர் மெக்கானிக் அசெம்பிள் செய்து கொடுத்த ஆம்ப்ளிஃபயர். வலது வூஃபரின் விளிம்பில் இருந்த ஃபோம் வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட, ஒரு கடையில் கொடுத்துக் கோனும் காயிலும் புதிதாக மாற்றி வாங்கி வந்தார். அன்றிலிருந்து பாட்டில் சாரம் போய்விட்டது. மிருதங்கத்தில் வலந்தலை கேட்கிறது, தொப்பி கேட்கவில்லை. பாடகரின் குரல் நடுவிலிருந்து வராமல், அறை முழுக்கப் பரவி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் ஒலிக்கிறது. புதுக் கோன் சரியில்லை என்று கடையில் சண்டை போடும் எண்ணத்தில் இருந்தார். பேலன்ஸ் குமிழைத் திருப்பிக் காட்டியதும், "ஒரு பெட்டியை நிறுத்தினா சத்தம் கூடுதேப்பா, இது என்ன கூத்து?" என்றார்.

கூத்துக்குக் காரணம் காற்றில் இருக்கிறது. ஸ்பீக்கரின் கோனுக்குப் பின்னால் ஒரு கம்பிச்சுருள், அதாவது வாய்ஸ் காயில், காந்தத்தின் இடுக்கில் தொங்குகிறது. மின்சாரம் அதில் ஒரு திசையில் ஓடினால் கோன் முன்னால் வருகிறது, எதிர்த்திசையில் ஓடினால் பின்னால் போகிறது. 50 ஹெர்ட்ஸ் பேஸ் என்றால் கோன் ஒரு விநாடிக்கு 50 தடவை இப்படி முன்னும் பின்னும் போய்வருகிறது. முன்னால் வரும்போது அறையின் காற்றை அழுத்துகிறது, பின்னால் போகும்போது தளர்த்துகிறது. இரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஒரே நேரத்தில் தளர்த்தினால் காற்றழுத்தம் கூட்டாகச் சேர்ந்து பேஸ் பெருகும். ஒரு பெட்டியின் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் ஒன்று அழுத்தும் அதே கணத்தில் மற்றொன்று தளர்த்தும். அழுத்தமும் தளர்வும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். இரண்டு கோன்களும் முழுமூச்சாக ஆடிக்கொண்டிருக்கும், காதுக்கு மட்டும் ஒன்றும் வந்து சேராது.

அப்படியானால் பாடகரின் குரலும் தாளச் சத்தமும் ஏன் மறைவதில்லை? எல்லா ஒலியும் இப்படி அழிவதில்லை, அழிவது பெரும்பாலும் பேஸ்தான். காற்றில் ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. ஆகவே 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். பெட்டிகள் 2 மீட்டர் இடைவெளியில் இருந்தால், நீங்கள் அறையில் எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு பெட்டிகளிலிருந்தும் உங்கள் காதுக்குள்ள தூர வித்தியாசம் அந்த 7 மீட்டருக்கு முன்னால் சிறியதே. அதனால் அழுத்தமும் தளர்வும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து, ஒன்றையொன்று தின்றுவிடும். 3000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலையோ 11 சென்டிமீட்டர் சொச்சம்தான். தலையைச் சற்றுத் திருப்பினாலே தூர வித்தியாசம் மாறிவிடும். ஓரிடத்தில் குறையும், பக்கத்திலேயே கூடும், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி மிச்சத்தை நிரப்பிவிடும். மேல் சுரங்களில் ஒலியின் அளவு குறைவதில்லை, ஒலி வரும் இடம்தான் குழம்புகிறது. குரல் நடுவில் நிற்காமல் சிதறுவதும் இதனால்தான்.

இன்னொன்றும் சேர்கிறது. பெரும்பாலான பாட்டுகளில் பேஸ் கிடாரையும் டிரம்ஸின் கிக்கையும் இரண்டு பக்கத்துக்கும் சம அளவில் பிரித்தே பதிவு செய்கிறார்கள். இரண்டு பெட்டிக்கும் ஒரே பேஸ் போகிறது என்பதால்தான் அழிவு இவ்வளவு முழுமையாக நடக்கிறது.

வயரின் நிறத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சிவப்பு சிவப்பில், கருப்பு கருப்பில் இருந்தால் போதாதா? சித்தப்பா வீட்டில் ஆம்ப்ளிஃபயர் முனையிலும் பெட்டி முனையிலும் நிறங்கள் அச்சுப் பிசகாமல் பொருந்தியிருந்தன. நிறத்தை வைத்து, கண்ணுக்குத் தெரியும் இணைப்பு சரியா என்று மட்டும்தான் சொல்ல முடியும். பெட்டிக்குள் யார் எதை எங்கே பற்றவைத்தார்கள் என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும், சுவர்க்கடிகாரத்தில் போடுகிறோமே, அதுவேதான்.

முதலில் ஆம்ப்ளிஃபயரை அணைத்து, அதன் பின்புறமிருந்து இரண்டு பெட்டிகளின் வயர்களையும் கழற்றிவிட வேண்டும். இதில் சமரசம் கூடாது. வயர் ஆம்ப்ளிஃபயரில் இருக்கும்போதே பேட்டரியைத் தொட்டால் மின்சாரம் ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் நுழையும், சோதனையும் பொய்க்கும். கழற்றிய பிறகு, வயரின் சிவப்பு நுனியை பேட்டரியின் மொட்டுப் பக்கத்திலும், கருப்பு நுனியைத் தட்டைப் பக்கத்திலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டப்' என்று ஒரு சின்ன ஒலி வரும், கோன் அசையும். பெட்டியின் முன்வலையைக் கழற்றிவிட்டு, கோனைப் பக்கவாட்டிலிருந்து, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் அசைவு நன்றாகத் தெரியும். வீட்டு வூஃபரில் அது ஓரிரு மில்லிமீட்டர்தான். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் கோனின் ஓரத்தில் விரல் நுனியை லேசாக வைத்துக்கொண்டு உணரலாம். மைக்செட்டுக்காரர்களின் 15, 18 அங்குல ஸ்பீக்கர்கள் விறைப்பாக இருப்பதால் அசைவு இன்னும் குறைவு, அங்கே விரல்தான் நம்பகம்.

பேட்டரியைத் தொட்ட கணத்தில் கோன் எந்தப் பக்கம் போனது என்பதுதான் கணக்கு. தொட்டே வைத்திருந்தால் கோன் அங்கேயே நிற்கும், எடுத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பும். தடுமாறுபவர்கள் பெரும்பாலும் இந்தத் திரும்பும் அசைவைப் பார்த்துவிட்டுத்தான் தடுமாறுகிறார்கள். ஒருவர் பேட்டரியைப் பிடித்துத் 'தொட்டாச்சு' என்று சொல்ல, இன்னொருவர் கோனைப் பார்த்தால் சந்தேகமே வராது.

பிளஸ்ஸை சிவப்பில் தொட்டால் கோன் வெளியே வரவேண்டும் என்பது இன்றைய பொது வழக்கம். ஆனால் எல்லாக் காலத்திலும் எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. ஜேபிஎல் நிறுவனத்தின் பழைய ஸ்பீக்கர்களில் பிளஸ் கொடுத்தால் கோன் உள்ளே போகும், பல ஆண்டுகள் அப்படியே தயாரித்தார்கள். அதனால் பழைய ஸ்பீக்கர் ஒன்று உள்ளே போவதைப் பார்த்தவுடன் அது தவறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஜோடியில் இரண்டும் ஒரே பக்கம் போகின்றனவா என்பதே கேள்வி. இரண்டும் வெளியே வந்தாலும் பேஸ் அழியாது, இரண்டும் உள்ளே போனாலும் அழியாது.

எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும் என்றும் சிலர் கேட்கிறார்கள். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கரின் காயிலை மீட்டரில் அளந்தால் 6 ஓம் சொச்சம் காட்டும். 1.5 வோல்ட் அதில் கால் ஆம்பியர் அளவு மின்சாரத்தைத்தான் தள்ளும், காயிலுக்கு அது தூசு. 9 வோல்ட் சதுர பேட்டரியை நொடிப்பொழுது தொடுவது பெரிய வூஃபருக்குப் பரவாயில்லை. பைக் பேட்டரி, கார் பேட்டரி பக்கமே போகாதீர்கள். 12 வோல்ட்டை 4 ஓம் ஸ்பீக்கரில் கொடுத்தால் 40 வாட்டுக்கு மேல் அப்படியே சூடாக மாறிக் காயிலைப் பொசுக்கும். பாட்டு ஓடும்போது கோன் ஆடி ஆடிக் காற்றால் காயில் ஆறும். பேட்டரியில் அந்த ஆட்டம் இல்லை.

சித்தப்பா வீட்டுக்கு வருவோம். இடது பெட்டியின் வயர் நுனியில் பேட்டரியைத் தொட்டதும் கோன் வெளியே வந்தது. வலதில் தொட்டதும் உள்ளே போனது. தவறு வலது பக்கம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் எந்த இடத்தில்? வயரைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, பெட்டியின் பின்புற டெர்மினலிலேயே நேராகத் தொட்டோம். அப்போதும் உள்ளேதான் போனது. ஆக, வயரில் தவறில்லை. வூஃபரின் திருகுகளைக் கழற்றி முன்னால் இழுத்து, பின்னால் இருந்த இரண்டு தகட்டு முனைகளிலும் மாட்டியிருந்த வயர்களை உருவிவிட்டு, சிவப்புப் புள்ளி வைத்த முனையில் பிளஸ்ஸைத் தொட்டோம். உள்ளேதான். கோன் மாற்றிய கடையில் புதுக் காயிலின் இரு நுனிகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்துவிட்டார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது, இரண்டு மெல்லிய கம்பிகள் மட்டும் இடம் மாறிவிட்டன.

இதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. பலரும் அதைத்தான் செய்வார்கள். வலது பெட்டியின் டெர்மினலில் சிவப்பையும் கருப்பையும் மாற்றி மாட்டிவிட்டால் போதுமே, வூஃபர் சரியாகிவிடாதா? சித்தப்பாவும் "வெளியிலேயே மாத்திடலாமே, உள்ளே எதுக்குக் கை வைக்கணும்?" என்று கேட்டார். வூஃபர் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் ட்வீட்டரும் இருக்கிறது, அதை யாரும் கெடுக்கவில்லை. டெர்மினலில் மாற்றினால் நன்றாக இருந்த ட்வீட்டரும் சேர்ந்து தலைகீழாகிவிடும். வூஃபரும் ட்வீட்டரும் ஒலியைப் பங்கிட்டுக்கொள்ளும் அந்த நடு எல்லையில், குரலின் தெளிவு இருக்கும் இடத்திலேயே, ஒரு பள்ளம் விழும். இடது பெட்டிக்கும் வலது பெட்டிக்கும் மேல் சுரங்களில் ஒத்துப்போகாது. பேஸ் திரும்பி வந்த மகிழ்ச்சியில் இது கவனத்துக்கே வராது, ஆனால் குரல் மட்டும் நடுவில் உட்காரவே உட்காராது. தவறு எந்த இணைப்பில் இருக்கிறதோ அந்த இணைப்பிலேயே திருத்த வேண்டும். வூஃபரின் தகட்டு முனைகளில் மட்டும் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி மாட்டினோம். ட்வீட்டரைத் தொடவில்லை.

தொடக் கூடாத இன்னொரு காரணமும் இருக்கிறது. ட்வீட்டரின் பாதையில் கெப்பாசிட்டர் இருக்கும், அது பேட்டரியின் நேர்மின்சாரத்தைத் தடுத்துவிடும். அதனால் பெட்டியின் டெர்மினலில் செய்யும் பேட்டரி சோதனை வூஃபரைப் பற்றி மட்டுமே பேசும், ட்வீட்டரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கெப்பாசிட்டரைத் தாண்டி ட்வீட்டரிலேயே நேராகத் தொட்டுப் பார்ப்பதும் பயன் தராது. அதன் அசைவு கண்ணுக்கும் விரலுக்கும் எட்டாது, மயிரிழைக் காயில் கெட்டுப்போகும் அபாயம்தான் மிச்சம். அதைவிட முக்கியமானது, சில வகைக் கிராஸ்ஓவர் சர்க்யூட்டுகளில் ட்வீட்டரை வேண்டுமென்றேதான் தலைகீழாக மாட்டுவார்கள். அந்த சர்க்யூட் எல்லையில் ஒலியைப் பாதி அலை தள்ளிப்போடும் என்பதால் அதைச் சரிக்கட்ட அப்படிச் செய்வது. பெட்டியைத் திறந்து, வூஃபரில் சிவப்பு பிளஸ்ஸுக்கும் ட்வீட்டரில் கருப்பு பிளஸ்ஸுக்கும் போயிருப்பதைப் பார்த்து யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று திருத்தக் கிளம்பிவிடாதீர்கள். ஜோடியின் மற்றப் பெட்டியையும் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள், அதிலும் அப்படியே இருந்தால் அது தவறல்ல, வடிவமைப்பு.

பேட்டரிக்குப் பதில் மீட்டரால் பார்க்க முடியாதா என்றால், எந்த மீட்டர் என்பதைப் பொறுத்தது. டிஜிட்டல் மீட்டரின் ஓம் அளவீட்டில் வெளிவரும் மின்சாரம் மிகச் சொற்பம், கோன் அசையாது. முள் மீட்டரில், மிகச் சிறிய ஓம் அளவீட்டில் வைத்துத் தொட்டால் கோன் டப்பென்று அசையும். ஆனால் வழக்கமான முள் மீட்டர்களில் ஓம் அளவீட்டின்போது உள்ளிருக்கும் பேட்டரியின் பிளஸ் கருப்பு முனையில்தான் இருக்கும். இது தெரியாமல் சிவப்பு முனையைப் பிளஸ் என்று எடுத்துக்கொண்டால் எல்லா ஸ்பீக்கரும் தலைகீழாகத்தான் தெரியும். இரண்டு பெட்டியையும் ஒரே விதமாகத் தொட்டு ஒப்பிட்டால் இந்தக் குழப்பத்திலிருந்து தப்பலாம்.

இதற்கென்றே செய்த போலாரிட்டி டெஸ்டர்களும் உண்டு. அதில் இரண்டு பாகம். ஒன்று ஆம்ப்ளிஃபயருக்குள் 'டிக் டிக்' என்று ஒருபக்கமாக எழும் துடிப்பை அனுப்பும். இன்னொன்றை ஸ்பீக்கருக்கு முன்னால் நெருக்கமாகப் பிடித்தால், துடிப்பு வெளித்தள்ளலாக வந்ததா உள்ளிழுப்பாக வந்ததா என்று பார்த்து பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ காட்டும். கைபேசியில் மைக்கை வைத்து இதே வேலையைச் செய்யும் செயலிகளும் இருக்கின்றன. பேட்டரி, ஸ்பீக்கரையும் அதன் வயரையும் மட்டும் சோதிக்கும். டெஸ்டரோ ஆம்ப்ளிஃபயர், மிக்சர், கேபிள் எல்லாவற்றையும் சேர்த்துச் சோதிக்கும். பேட்டரி சோதனையில் இரண்டு பெட்டியும் தேறிவிட்டன, ஆனாலும் பேலன்ஸைத் திருப்பினால் பேஸ் கூடுகிறது என்றால், தவறு ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலோ அதற்குள்ளோ இருக்கிறது. அங்கேதான் டெஸ்டர் தேவைப்படுகிறது. கைபேசியின் மைக்கே தலைகீழாக அமைந்திருக்கக்கூடும் என்பதால், செயலி காட்டும் பச்சை, சிவப்பை அப்படியே நம்பாமல், இரண்டு பெட்டிக்கும் ஒரே நிறம் வருகிறதா என்று பாருங்கள். வூஃபருக்கு முன்னால் பிடித்ததையும் ட்வீட்டருக்கு முன்னால் பிடித்ததையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம், மேலே சொன்ன கிராஸ்ஓவர் காரணத்தால் அவை வேறுபடலாம்.

மைக்செட் தொழிலில் இந்தத் தவறுக்கு விலை அதிகம். திருவிழாவுக்கு 4 பேஸ் பெட்டிகளை அடுக்கி, அதில் ஒன்று மட்டும் தலைகீழாக இருந்தால், மூன்று பெட்டிகள் தள்ளுவதில் ஒரு பெட்டியின் பங்கை நான்காவது பிடித்து இழுத்துவிடும். மிஞ்சுவது இரண்டு பெட்டிகளின் பேஸ். லாரியில் நான்கு பெட்டி ஏற்றி வந்து, இரண்டு பெட்டி போதுமான சத்தத்தைக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். பேஸ் போதவில்லை என்று ஆம்ப்ளிஃபயரை இன்னும் ஏற்ற, காயில் சூடாகிப் புகைந்துவிடுவதும் நடக்கிறது. ஒரே பெட்டிக்குள் இரண்டு 18 அங்குல ஸ்பீக்கர் இருந்தால், பேட்டரியைத் தொடும்போது இரண்டு கோனிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் அந்தப் பெட்டியே ஊமை போலாகிவிடும். கேபிளிலும் தவறு ஒளிந்திருக்கலாம். எக்ஸ்எல்ஆர் கேபிளில் 2, 3 ஆகிய முனைகளை மாற்றிச் சால்டர் வைத்துவிட்டால் அந்தக் கேபிள் போகும் பெட்டி தலைகீழாகும். அந்தக் கேபிளை நாளை வேறு பெட்டிக்கு மாட்டினால் தவறும் கூடவே போகும். மீட்டரில் பீப் சத்தம் வைத்து, ஒரு முனையின் 2 அந்த முனையின் 2-க்கே போகிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால் இது பிடிபடும்.

கோனைப் பார்க்கவே முடியாதபடி வலை ஒட்டிவிட்ட பெட்டிகளுக்குக் காதுதான் வழி. இரண்டு பெட்டிகளையும் ஒட்டினாற்போல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேஸ் உள்ள பாட்டைக் கொஞ்ச நேரம் கேளுங்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு ஒரு பெட்டியின் வயரை மட்டும் மாற்றி மாட்டி, குமிழ் எதையும் தொடாமல் அதே இடத்தை மீண்டும் போடுங்கள். பெட்டிகள் நெருங்கியிருப்பதால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், பேஸ் அதிகமாக வரும் இணைப்பே சரி. அணைக்காமல் வயரை மாற்றினால் இரு நுனிகளும் உரசி ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும்.

சித்தப்பா வீட்டில் வலது வூஃபரைத் திருகி மூடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கியிருந்தது. அதன் சிவப்புப் புள்ளி இப்போது மைனஸ் முனையில் இருக்கிறது. நாளைக்கு வேறொரு மெக்கானிக் திறந்தால், சிவப்பு வயர் புள்ளியில்லாத முனையில் இருப்பதைப் பார்த்து அக்கறையோடு பழையபடி மாற்றிவைத்துவிடுவார். ஆகவே பழைய புள்ளியைச் சுரண்டிவிட்டு, பேட்டரியின் மொட்டைத் தொட்டால் கோன் வெளியே வரும் முனையில் நெயில் பாலிஷால் புதிதாக ஒரு சிவப்புப் புள்ளி வைத்தோம். காந்தத்தின் முதுகில் ஒட்டிய தாளில் கோன் மாற்றிய தேதியையும், பேட்டரி வைத்துப் பார்த்தாயிற்று என்பதையும் சித்தப்பாவே எழுதினார்.